டீசல் கழிச்சுத்தான் பங்கு!

எல்.ஐ.சி. பாலிசி போட்டு, முதிர்வுத் தொகை வாங்கிப் பழகின நம்மவர்களுக்கு, மருத்துவ பாலிசியில் முதல் அதிர்ச்சியே பிரீமியம்தான். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா, 58 வயதில் முதல் பாலிசி எடுக்கப் போகிறார். ஏஜென்ட் கொடுத்த காகிதத்தோடு வந்தார்.

"வருஷத்துக்குப் பதினெட்டாயிரமாம். நோவு நொடி வரலைன்னா திருப்பித் தருவானாப்பா?"

"தரமாட்டான் சித்தப்பா."

"அப்ப, ஒரு தடவையாவது படுத்துக்கணும்கிறே!"

(2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அந்தமட்டும் லாபம்.)

அடுத்து, டிடக்டிபிள் 25,000, கோ-பே 20 சதவிகிதம். இதைச் சித்தப்பாவுக்குச் சொல்லித்தர காமர்ஸ் டிகிரி தேவையே இல்லை. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் என்ன செய்கிறார்? முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிக்கிறார். மிச்சத்தில்தான் பங்கு. முதலில் கழிகிற தொகை டிடக்டிபிள். மிச்சத்தில் போடுகிற பங்கு கோ-பே. என்ன, இங்கே இரண்டுமே நம் தலையில்!

குடலிறக்க ஆபரேஷன், பில் 1,25,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் 25,000 சித்தப்பா. மிச்சம் ஒரு லட்சத்தில் 20 சதவிகிதம், அதாவது 20,000, அதுவும் சித்தப்பா. கம்பெனி தருவது 80,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைகளை அதற்கு முன்பே கழித்துவிடுவார்கள், அது தனி.

இதே பில் ஐந்து லட்சமானால்? டிடக்டிபிள் அதே 25,000தான். கோ-பே மட்டும் 95,000 ஆகிவிடும். ஒன்று நங்கூரம் போட்ட மாதிரி நிற்கும். மற்றது பில்லோடு சேர்ந்து வளரும். பெரிய வியாதிக்குத்தானே பாலிசி? அதனால் நாலாயிரம் கூடக் கேட்டாலும் கோ-பே இல்லாததாக எடுங்கள் என்றேன். டிடக்டிபிளை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தடவையா, அட்மிட் ஆகும் ஒவ்வொரு தடவையுமா என்று பாலிசியில் படித்துவிட வேண்டும். ஒரே வருஷத்தில் மூன்று தடவை படுத்தால் முதல் வகையில் 25,000, இரண்டாவதில் 75,000.

"சரிப்பா, மே மாசம் சும்மாதானே இருப்பேன். அப்பப் போட்டுக்கிறேன்."

அங்கேதான் வம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் ஆரம்பித்தால் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும் தேதி, கையில் காசில்லாத மே மாதத்தில்தான் வந்து நிற்கும். வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசி தொடரும். ஆனால் கட்டாமல் இருந்த அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் வராது.

"அப்ப மார்ச்சுலேயே போடணுமா? மார்ச்சுக்கு இன்னும் பத்து நாள்தானே இருக்கு!" என்றபடி சித்தப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.