ஒரே மரணசாதனம், இரண்டு கையொப்பங்கள்

வெள்ளவத்தையில் கணவனும் மனைவியும் பாதிப்பாதியாக உரித்துடைய ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நொத்தாரிசு முன்னிலையில் இருவரும் சேர்ந்து மரணசாதனம் எழுதுகிறார்கள்: எஞ்சியிருப்பவர் சீவிய காலம் முழுவதும் வீட்டை அனுபவிக்கலாம்; அதன்பின் அது இரு பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரவேண்டும். கணவன் காலமாகிறார். கனடாவிலுள்ள மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து தாயைப் பராமரிப்பவன் மகன். தமது பாதியையாவது அவனுக்கே எழுதிவைக்கத் தாய் விரும்புகிறார். முடியுமா?

கூட்டு மரணசாதனத்தை உரோமன் டச்சுச் சட்டம் இரண்டு தனிச் சாதனங்களாகவே வாசிக்கிறது. ஆகவே பொதுவாகத் தம் பங்கை மாற்ற எஞ்சியவருக்குத் தடையில்லை. 'எல்லாம் எஞ்சியவருக்கே' என்று மட்டும் எழுதியிருந்தால் தாய்க்குச் சிக்கலேயில்லை.

இங்கே அப்படியல்ல. இருவர் பாதியும் ஒரே தொகுதியாக்கப்பட்டு, இறுதியில் யாருக்கு என்பதும் விதிக்கப்பட்டுள்ளது. அத்துடன் கணவனின் பாதியிலுள்ள சீவிய உரித்தையும் தாய் ஏற்றுக்கொண்டுவிட்டால், தம் சொந்தப் பாதியைக்கூட மாற்ற இயலாது. 1872இல், கேப் காலனியிலிருந்து சென்ற டெனிசன் எதிர் மொஸ்டெர்ட் வழக்கில் பிரிவிக் கவுன்சில் வகுத்த விதி இது.

ஏற்காமல் மறுக்கவும் அவருக்கு வழியுண்டு. மறுத்தால் அவரது பாதி அவர் கையில். கணவனின் பாதியில் சீவிய உரித்து இல்லை. வாடகை வாங்கத் தொடங்குமுன் சட்டத்தரணியைக் காண்பது நல்லது. அனுபவிக்கத் தொடங்கியதையே ஏற்றதற்குச் சான்றாக எதிர்த்தரப்பு காட்டும்.