ரிவர்ட் எதைத் திருப்பியது?

மார்ச் 4, செவ்வாய்

இன்று ரிவர்ட் ஆன புல் ரிக்வெஸ்ட்டில் இருந்தது சின்ன மாற்றம். ஆர்டர் டேபிளில் `phone` என்ற ஃபீல்டு `mobile` என்று பெயர் மாறியது. அதற்கு ஒரு ஜாங்கோ மைக்ரேஷன், எண் `0042`. டெஸ்ட் எல்லாம் பச்சை, ரிவியூ முடிந்தது, மெர்ஜ் ஆனது. டெப்ளாயில் முதலில் மைக்ரேஷன் ஓடும், பிறகு சர்வர்கள் ஒவ்வொன்றாகப் புதுக் கோடுக்கு மாறும். அந்த இடைவெளியில், இன்னும் மாறாத சர்வர்கள் `column orders_order.phone does not exist` என்று விழுந்தன. உடனே ரிவர்ட். அதன் பிறகு எல்லா சர்வர்களும் விழுந்தன.

மார்ச் 5

“யார் அப்ரூவ் பண்ணது?” என்ற கேள்விதான் நாள் முழுக்க. அதற்குப் பதில் கிடைத்தால் அடுத்த டெப்ளாயில் என்ன மாறும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

முதல் கோளாறைவிட ரிவர்ட்டால் வந்த கோளாறுதான் பெரிது. இந்தக் கோளாறு பற்றி எழுதும் அறிக்கை அதைப் பற்றித்தான் பேச வேண்டும். `git revert` கோப்புகளை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுபோகும். டேட்டாபேஸ் அதற்குத் தெரியாது. அதனால் பழைய கோடு திரும்பி வந்து, இல்லாத `phone`-ஐத் தேடியது. போதாக்குறைக்கு, மைக்ரேஷனைப் பின்வாங்கும் வழியும் அதோடு போய்விட்டது. `0042`-ஐத் திருப்புவது எப்படி என்ற விவரம் அந்த மைக்ரேஷன் கோப்புக்குள் இருக்கிறது. ரிவர்ட் அந்தக் கோப்பையே நீக்கிவிட்டது. அதன் பிறகு ஓட்டிய கட்டளைக்கு வந்த பதிலின் கடைசி வரி இது:

```
$ python manage.py migrate orders 0041
  No migrations to apply.
```

பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். `0042` ஓடியது என்ற பதிவு `django_migrations` டேபிளில் அப்படியே இருக்கிறது. ஆனால் கோப்பு இல்லாத பதிவை ஜாங்கோ கணக்கில் எடுப்பதில்லை. அதன் பார்வையில் `0041`தான் கடைசி, திருப்ப எதுவும் இல்லை. ரிவர்ட்டுக்கு முந்தைய கமிட்டை எடுத்து, அங்கிருந்து இதே கட்டளையை ஓட்டிய பிறகுதான் `phone` திரும்பி வந்தது. இந்த வரிசை எந்தக் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ரிவியூ செய்தவர் கவனித்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்றும் வந்தது. அதை ஒதுக்கிவிட முடியாது; மைக்ரேஷன் கோப்பு ரிவியூவில் கண்முன்னே இருந்தது. ஆனால் ரிவியூ செய்பவர் பார்ப்பது டிஃப். அதில் பழைய வரியும் புது வரியும் இருக்கும். பழைய கோடும் புது டேபிளும் ஒரே நேரத்தில் ஓடப்போகும் சில நிமிடங்கள் இருக்காது. டெஸ்ட்டிலும் அதே ஓட்டைதான். ஜாங்கோ டெஸ்ட்டுக்கென்று புதிதாக ஒரு டேட்டாபேஸைக் கட்டி, எல்லா மைக்ரேஷனையும் ஓட்டி, அதன்மேல் புதுக் கோடை மட்டும் சோதிக்கிறது. பழைய கோடு அந்த டேபிளைச் சந்திப்பதே இல்லை. எந்தப் படியிலும் கேட்கப்படாத கேள்விக்கு, ஒருவர் தன் நினைவிலிருந்து பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், நாளை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காரும்போது இதுவே திரும்ப நடக்கும்.

மார்ச் 11

பெயர் சொல்லாத அறிக்கை பொறுப்பைக் கரைத்துவிடும் என்ற கவலை நியாயமானது. ஜான் ஆல்ஸ்பா 2012-இல் எட்ஸி நிறுவனத்தின் நடைமுறை பற்றி எழுதியபோது இதைத்தான் எடுத்துக்கொண்டார்: தண்டனைக்குப் பயப்படுபவர் என்ன நடந்தது என்பதன் விவரத்தைத் தரமாட்டார், விவரம் இல்லாமல் சரிசெய்யவும் முடியாது. இங்கும் `No migrations to apply` என்ற வரியைப் பார்த்து டேபிள் திரும்பிவிட்டதாக நம்பியவர் அதைச் சொன்னதால்தான் அந்தக் கண்ணி வெளியே தெரிந்தது. அவர் தயங்கியிருந்தால் அறிக்கையில் அந்தப் பத்தியே இருந்திருக்காது.

மார்ச் 14, வெள்ளி

புல் ரிக்வெஸ்ட் படிவத்தில் ஒரு கேள்வி சேர வேண்டும்: “மைக்ரேஷன் ஓடிய பின், இதற்கு முந்தைய கோடு வேலை செய்யுமா?” ‘இல்லை’ என்றால் மாற்றத்தைப் பிரிக்க வேண்டும். முதலில் `mobile`-ஐப் புதிதாகச் சேர்த்து, இரண்டு ஃபீல்டிலும் எழுதி, பழைய தரவை நகலெடுக்க வேண்டும். அடுத்த டெப்ளாயில் வாசிப்பதை மாற்ற வேண்டும். `phone`-ஐ யாரும் தொடுவதில்லை என்று உறுதியான பிறகே அதை நீக்க வேண்டும். ஒரு பெயரை மாற்ற இத்தனை டெப்ளாயா என்ற ஆட்சேபம் வலுவானது. சிறிய குழுவுக்கு அது உண்மையான சுமை. அதற்கு என் பதில், எல்லா மாற்றத்துக்கும் இது வேண்டாம் என்பதே. சர்வரைச் சற்று நேரம் நிறுத்தக்கூடிய உள்பயன்பாட்டுக் கருவிக்கு ஒரே மைக்ரேஷன் போதும். ஆர்டர் டேபிளுக்குப் போதாது.

கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் யாரும் அந்தப் பழைய கிளையை மறுபடி மெர்ஜ் செய்ய வேண்டாம். அதன் கமிட்டுகள் ஏற்கனவே வரலாற்றில் இருப்பதால் கிட் அந்த மாற்றத்தைத் திரும்பக் கொண்டுவராது. ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தால் அதே `0042` அப்படியே திரும்பி வரும். புதிதாக எழுதுங்கள்.