சல்லியன் உண்டதும் கண்ணன் உண்ணாததும்

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் ஒரே பொறி இருமுறை வைக்கப்படுகிறது. இருமுறையும் அது விருந்தாகவே வருகிறது.

நகுல சகாதேவரின் தாய்மாமனான சல்லியன், பாண்டவருக்குத் துணையாகப் பெரும்படையுடன் புறப்படுகிறான். வழியெங்கும் அலங்கரித்த மண்டபங்கள். உணவும் மாலையும் பணியாளரும் குறைவில்லை. இவை தருமனின் ஏற்பாடு என்றே அவன் நம்புகிறான். மகிழ்ந்துபோய், இவற்றை அமைத்தவருக்குப் பரிசளிக்க விரும்புகிறான். அப்போது மறைந்திருந்த துரியோதனன் வெளிப்படுகிறான். அவன் கேட்ட வரம், தன் படைக்குச் சல்லியன் தலைமை ஏற்க வேண்டும் என்பது. உண்டவன் மறுக்க இயலவில்லை. யார் வீட்டுச் சோறு என்று அறியாமல் உண்டது மட்டுமே அவன் செய்த பிழை.

பின்னர்க் கண்ணன் தூது வருகையில், திருதராட்டிரனின் விருப்பப்படி அதே துரியோதனன் அதே வகை மண்டபங்களை எழுப்புகிறான். விருகஸ்தலத்தில் அமைந்தது தனிச்சிறப்பு வாய்ந்தது. விதுரர் இதன் உள்நோக்கத்தை முன்பே அரசனிடம் உடைத்துச் சொல்லிவிடுகிறார்: நிறைகுடம், கால் கழுவ நீர், நலம் உசாவும் சொல் ஆகிய இவற்றுக்கு மேல் கண்ணன் எதையும் ஏற்கமாட்டான். அவ்வாறே கண்ணன் அம்மண்டபங்களை ஏறிட்டும் பாராமல் கடந்து செல்கிறான்.

அத்தினாபுரத்தில் துரியோதனன் நேரில் விருந்துக்கு அழைக்கிறான். கண்ணனின் முதல் மறுப்பு நயமானது: வந்த காரியம் நிறைவேறிய பின்னரே தூதர் உண்பர். துரியோதனன் விடுவதாக இல்லை. காரியம் கைகூடினாலும் கூடாவிட்டாலும் உபசரிப்பது எம் கடமை என்கிறான். அதன் பிறகே கண்ணன் வெளிப்படையாகப் பேசுகிறான். பிறர் உணவை உண்ணக் காரணங்கள் இரண்டே: ஒன்று அன்பு, மற்றொன்று ஆபத்து. உன்னிடம் அன்பில்லை; எமக்கு ஆபத்தும் இல்லை. பாண்டவரைப் பகைப்பவன் என்னையும் பகைத்தவனே. பகைவனின் சோறு உண்ணத்தக்கதன்று. இவ்வாறு கூறி விதுரர் இல்லம் செல்கிறான். பீஷ்மரும் துரோணரும் அங்கே வந்து தத்தம் இல்லங்களுக்கு அழைத்தும் அவன் அவ்விடம் விட்டுப் பெயரவில்லை.

இம்மறுப்பின் பொருள் பீஷ்ம பருவத்தில் தெளிவாகிறது. போர் தொடங்குமுன் தருமன் படைக்கலமின்றிச் சென்று பெரியோரிடம் ஆசி கேட்கிறான். பீஷ்மர், துரோணர், கிருபர், சல்லியன் ஆகிய நால்வரும் ஒரே விடையைத் தருகின்றனர்: மனிதன் பொருளுக்கு அடிமை; கௌரவரின் பொருளால் யாம் கட்டுண்டோம். முதல் மூவரும் நெடுங்காலம் அவ்வரண்மனையில் வாழ்ந்தவர்கள். சல்லியனோ ஒரு பயணத்தில் பெற்ற உபசரிப்பினாலேயே அவர்களோடு ஒருங்கு நிற்கிறான்.

தமிழில் வில்லிபுத்தூரார், உணவிட்டவன் பக்கமும் பார்க்கிறார். கண்ணனுக்கு விருந்தளித்ததற்காகத் துரியோதனன் விதுரரை இழிந்துரைக்க, அவர் தம் வில்லை ஒடித்துவிட்டுப் போரிலிருந்து விலகுகிறார். ஏற்ற விருந்தால் ஓர் அணி சல்லியனை இழந்தது. இட்ட விருந்தால் மற்றோர் அணி விதுரரை இழந்தது.