தாண்டிச் சென்ற குரல்

1985ஆம் ஆண்டின் ஓர் இரவு. இங்கிலாந்திலிருந்து சிற்றலையில் வந்த குரலை விறாந்தையிலிருந்து கேட்ட பேரன், "கம்பியில்லாமல் எப்படி, அப்பப்பா?" என்றான்.

ஓய்வுபெற்ற தந்தியாளர் கதிரையின் கையில் விரலாற் தட்டினார். "நான் கம்பியில் மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்பினேன். இங்கே அலை அறுவதில்லை. குரலுக்கேற்ப அதன் வீச்சுக் கூடிக் குறையும். பெட்டி அம்மாற்றத்தை மீண்டும் ஒலியாக்கும்."

"பூமி உருண்டையல்லவா?"

"100 மைலுக்கும் மேலே மின்னேற்றம் பெற்ற வளி அலையை வளைத்துத் திருப்பும், கடலும் நிலமும் மறுபடி மேலே எறியும். அவ்வாறு தத்தித் தத்தியே இங்கு வருகிறது."

"இலண்டனில் அப்பாவும் இதைக் கேட்பாரா?"

கிழவர் சற்றுத் தயங்கினார். "கோபுரத்தின் அயலிற் சிறிது கேட்கும். சாய்ந்து மேலேறிய அலையோ நெடுந்தொலைவிலேதான் முதலில் நிலந்தொடும். இடையில் மௌனம். உன் அப்பா அந்த மௌனத்துக்குள் இருக்கிறான்."

பேரன் பெட்டியின் ஒலியைக் கூட்டினான்.