வெட்டாத நான்கு நிமிடம்

எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர், மிக்சியை ஓட்டிக் காட்டும் வீடியோ ஒன்றுக்கு எழுதித் தரச் சொன்னார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஷாட், நடுவில் வெட்டு கிடையாது, பின்னணி இசை கிடையாது. "வீடியோவுல பார்த்தது ஒண்ணு, வீட்டுக்குக் கொண்டு போனா வேற ஒண்ணு" என்று கடைக்கு வந்தவர்கள் சொல்லிச் சொல்லி அவருக்கே மனசு கேட்கவில்லை. என் அக்கா வீட்டு அடுப்படியில் எடுப்பது என்று முடிவானது. அரைப்பது அக்கா, செல்போனைப் பிடிப்பது அவள் மகன். மிக்சி 750 வாட்.

நான் முதலில் எழுதிய தாளில் மூன்று பகுதி இருந்தது. வேகம், பிறகு சத்தம், பிறகு கழுவுதல். அக்கா அதைப் படித்துவிட்டு ஒன்று கேட்டாள். "வேகத்தைத் தனியா எப்படித் தம்பி காட்டுவே? சத்தத்தை வெச்சுத்தானே அது எப்படி ஓடுதுன்னே எனக்குத் தெரியுது?" அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அவள் சொன்னதுதான் சரி. வேகத்தைக் கேமராவால் பிடிக்க முடியாது. சுமை இல்லாமல் ஓடும்போது மிக்சி மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்றுச் சுற்றும். நொடிக்கு 300 சுற்று. செல்போன் நொடிக்கு எடுப்பதோ 30 படம். அதனால் பிளேடு சில சமயம் நின்றது போலத் தெரியும், சில சமயம் பின்னோக்கி மெல்ல ஊர்வது போலத் தெரியும். கண்ணுக்குப் பொய்யாகத் தெரிவது காதுக்கு அப்படியே கேட்கும். இந்த வகை மோட்டாருக்குச் சுமை ஏறினால் வேகம் இறங்கும். வேகம் இறங்கினால் சத்தத்தின் சுருதியும் கூடவே இறங்கும். அப்புறம் வேகத்துக்கு ஒரு பகுதி, சத்தத்துக்கு ஒரு பகுதி என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை.

அரைக்க எடுத்துக்கொண்டது தேங்காய்ச் சட்னி. சின்ன ஜாரில் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துண்டு, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை, இரண்டு பச்சைமிளகாய், உப்பு. முதலில் தண்ணீர் ஊற்றாமல் குமிழை இடப்பக்கம் திருப்பித் திருப்பி மூன்று முறை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். துண்டுகள் உடையும்வரை சத்தம் கரடுமுரடாக இருக்கும். பிறகு ஒன்றாம் எண்ணில் வைத்தால் தேங்காய் பிளேடைப் பிடித்துக்கொண்டு சுருதி கனமாகிறது. அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். பத்துப் பதினைந்து நொடியில் சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறுகிறது. அரைபட்டு முடிந்ததால் அல்ல. பாதி அரைந்த தேங்காய் ஜாரின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது, பிளேடு வெறும் காற்றில் சுற்றுகிறது என்று அர்த்தம். புதிதாக மிக்சி வாங்கியவர்கள் இந்த இடத்தில் "வேகம் போதவில்லை" என்று இரண்டுக்கும் மூன்றுக்கும் போவார்கள். மோட்டார் சூடாவதுதான் மிச்சம், சட்னி திப்பியாகவே இருக்கும்.

அக்கா அந்தச் சத்தம் கேட்டவுடன் நிறுத்தினாள். மூடியைத் திறந்து ஸ்பூனால் சுவரை வழித்துவிட்டு, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, இரண்டில் வைத்தாள். சுருதி மறுபடி இறங்கி, கொஞ்ச நேரத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக நின்றது. அதுதான் பதம். வீடியோ பார்ப்பவர்கள் நேரத்தைத் தாங்களே எண்ணிக்கொள்ளட்டும் என்று, நொடி முள் ஓடும் சுவர்க் கடிகாரம் ஷாட்டுக்குள் தெரியும்படி வைத்தோம். வெட்டிய வீடியோவில் முதலில் காணாமல் போவது இந்த நிறுத்தமும் வழிப்பும்தான். மூடினார்கள், திருப்பினார்கள், சட்னி வந்தது என்று காட்டுகிறார்கள். எந்த மிக்சியிலும் தேங்காய் அப்படி அரைபடாது.

சத்தம் எவ்வளவு என்று காட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. சத்தம் திடீரென்று அதிகமானால் செல்போன் மைக் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். வீட்டையே அதிர வைக்கும் மிக்சியும் வீடியோவில் அடக்கமாகக் கேட்பது அதனால்தான். கையில் டெசிபல் மீட்டர் இல்லை, இருந்தாலும் அந்த எண் யாருக்கும் எதையும் சொல்லாது. அதனால் அக்காவை ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். "கறிவேப்பிலை எடுத்துட்டு வா." மிக்சி ஓடாதபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை, அதே இடத்தில் நின்று, குரலை உயர்த்தாமல். இரண்டாவது முறை அவள் உதடு அசைந்தது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. ஒரே ஷாட் என்பதால் அந்த வித்தியாசத்தை யாரும் மாற்றி வைக்க முடியாது.

சத்தம் குறையட்டும் என்று மருமகன் மிக்சிக்கு அடியில் மடித்த துண்டை வைக்கப் போனான். வேண்டாமென்று எடுத்துவிட்டேன். மோட்டாரைக் குளிர வைக்கும் காற்றுக்கான துளைகள் அடியில் இருக்கின்றன. துண்டு அதை அடைத்தால் சத்தம் கொஞ்சம் குறையும், மோட்டார் வெந்துபோகும். "சத்தம் குறைவு" என்று ஒரு வரி போடச் சொல்லிக் கடைக்காரரும் கேட்டார். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் முறை எடுத்தபோது மூடியோரம் சட்னி கசிந்து வழிந்தது. ஜாரில் முக்கால்வாசிக்கு மேல் போட்டிருந்தோம். மூடியின் ரப்பர் வளையத்தில் குறை ஒன்றுமில்லை. அளவைப் பாதிக்குக் கீழே குறைத்து இரண்டாம் முறை எடுத்தோம், கசியவில்லை. ஆனால் அந்தக் காரணத்தை அக்கா வாயாலேயே சொல்ல வைத்தேன். வாங்கிப் போகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யப்போகும் தவறு அது.

கழுவுவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அரைத்த அதே ஜாரைத்தான் கழுவ வேண்டும், மேசைக்கடியிலிருந்து புது ஜார் வரக் கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்கித் தொங்கவிட்டாள், ஈரக்கை என்பதால். அரை ஜார் தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்பு விட்டு ஓட்டிக் கழுவும் முறையைப் பலரும் காட்டுகிறார்கள். அதற்காக அவள் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிளக்கைச் செருகி, இரண்டு முறை சுற்ற விட்டு, பிடுங்கினாள். ஜாரைக் கவிழ்த்ததும் பளபளவென்று இருந்தது. இங்கே நிறுத்திவிட்டால் அது பாதிப் பொய். ஜாரை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, பழைய டூத்பிரஷ்ஷால் பிளேடுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். தேங்காய்த் திப்பியும் மிளகாய்த் தோலும் வந்தன. மூடியின் ரப்பரைக் கழற்றி அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணியில் பச்சையாகக் கறை. மறுநாள் ஜாரைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும் நாற்றம் அந்தப் பள்ளத்திலிருந்து வருவது. கடைசியாக ஜாரின் அடிப்பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்பினாள். தண்டைச் சுற்றி ஈரம் இல்லை. அங்கே கறுப்பாகக் கசிந்திருந்தால் புஷ் தேய ஆரம்பித்துவிட்டது, ஜாரை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். மிக்சியை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மோட்டார் இருக்கும் உடம்பைக் குழாயடியில் காட்டவே கூடாது.

எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் பத்து நொடி. கழுவுவதே ஒன்றரை நிமிடம். அதைக் குறைக்க முடியுமா என்று கடைக்காரர் கேட்டார், முடியாது என்றேன்.

மிக்சி வாங்கப் போகிறீர்கள் என்றால் இசை போட்ட வீடியோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைக்கு ஒரு கைப்பிடித் தேங்காயோடு போங்கள். உங்கள் முன்னால் அரைக்கச் சொல்லுங்கள், சத்தம் கீச்சென்று ஏறும் இடத்தைக் கவனியுங்கள், பிறகு மூடியின் ரப்பரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.