வாலைப் பார்த்துப் போடு

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று "தலவாக்கலை பஸ்தானே?" என்று கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள். இந்தத் "தானே" எதைப் பற்றியும் கவலைப்படாது. வந்தீங்கதானே, வருவீங்கதானே, வரலதானே என்று எந்த வாக்கியத்தின் பின்னாலும் ஒரே ஆளாக வந்து நிற்கும். பக்கத்து லயத்துச் சிங்களக்காரரின் "நேத"வும் அப்படித்தான். இப்படி இரண்டு மொழியிலும் ஒற்றை வால் போட்டே பழகிய நாட்டில் ஆங்கிலத்துக்கும் ஒற்றை வால் முளைத்ததில் வியப்பில்லை. "யூ ஆர் கமிங், நோ?" "ஹீ வென்ட் டு கண்டி, இஸன்ட் இட்?" கேட்கிற எல்லாருக்கும் விளங்குகிறது. கொழும்புக்காரர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

விளங்காதது பரீட்சைத் தாளுக்கு மட்டும்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். "குவெஸ்சன் டேக்" என்று கரும்பலகையில் எழுதினால் பின்வரிசை "சேர், வாலா?" என்று கேட்கும். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

வால் போடும் வேலையை மூன்று அடியில் சொல்லிவிடலாம். வாக்கியத்தில் உதவி வினை எது என்று பார். அது ஆம் என்றால் இல்லை ஆக்கு, இல்லை என்றால் ஆம் ஆக்கு. எழுவாயைச் சுட்டுப்பெயராக மாற்றிப் பின்னால் வை. "அம்மா இஸ் டயர்ட், இஸன்ட் ஷீ?" இதுவரை எல்லாருக்கும் வரும். சிக்கல் உதவி வினை கண்ணில் படாத வாக்கியத்தில் தொடங்குகிறது. "அம்மா ப்ளக்ஸ் டீ." இதில் உதவி வினை எங்கே? பிள்ளைகள் தேடிப் பார்த்துவிட்டு "இஸன்ட் ஷீ" என்று எழுதிவிடுவார்கள். "ப்ளக்ஸ்" என்பதன் கடைசியில் இருக்கும் அந்த "ஸ்" ஒலியைப் பிடித்து இழு என்பேன். இழுத்தால் "டஸ்" வெளியே வரும். "ஷீ டஸ் ப்ளக்" என்று விரித்துச் சொல்ல முடியும் என்பதே அதற்குச் சாட்சி. அதனால் "டஸன்ட் ஷீ?" இறந்த காலமானால் "ப்ளக்ட்" என்பதற்குள் "டிட்" ஒளிந்திருக்கும். "டிடன்ட் ஷீ?"

இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். என்னை உண்மையில் பிடித்து ஆட்டியது வேறொரு வாக்கியம். ஒரு பயிற்சித் தாளில் நான் சாதாரணமாக எழுதிப்போட்டது: "ஷீஸ் பெய்ட்." வால் போடு என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் "இஸன்ட் ஷீ", மறுபக்கம் "ஹேஸன்ட் ஷீ". யார் சரி என்று என்னைப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளிடமே அதைத் திருப்பிக் கேட்டேன். பத்தாம் தேதி வாக்கில் சம்பளம் போடுகிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண்ணைப் பற்றிச் சொல்கிறோம்: அவளுக்குச் சம்பளம் தரப்படுகிறது. அப்போது "ஷீ இஸ் பெய்ட்." அதற்கு அடுத்த வாரம் மாரியம்மன் கோயில் திருவிழா. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கொப்பியோடு லயம் லயமாக வருகிறார்கள் கோயில் கமிட்டிக்காரர்கள். அவளிடம் கேட்டாயா என்று ஒருவர் விசாரிக்க, கட்டிவிட்டாள் என்று மற்றவர் சொல்கிறார். அப்போது "ஷீ ஹேஸ் பெய்ட்." பணம் அவளிடம் வருவதும் அவளிடமிருந்து போவதும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் அடங்கிவிடுகிறது. எந்தத் திசை என்று காட்டிக்கொடுப்பது வால்தான். "இஸன்ட் ஷீ" என்றால் வாங்குபவள். "ஹேஸன்ட் ஷீ" என்றால் கட்டியவள். ஆக இரண்டு பக்கமும் சரி. "அப்போ ரெண்டு மார்க்கா சேர்?" என்றாள் ஒருத்தி.

இதே குடும்பத்தில் இன்னொரு கள்ளன் இருக்கிறான். "ஹீட்" என்று காதில் விழுவது "ஹீ ஹேட்" ஆகவும் இருக்கலாம், "ஹீ வுட்" ஆகவும் இருக்கலாம். அடுத்து வரும் வினையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "ஹீட் கோ" என்றால் "வுட்", அதனால் "வுடன்ட் ஹீ?" "ஹீட் கான்" என்றால் "ஹேட்", அதனால் "ஹேடன்ட் ஹீ?" ஆனால் "ஹீட் கம்" என்று வந்துவிட்டால் வினையும் கைவிட்டுவிடும். "கம்" இரண்டு பக்கத்துக்கும் பொதுவான உருவம். அங்கே முன்னால் என்ன பேசினார்கள் என்று கேட்டால்தான் உண்டு.

பிள்ளைகள் மிகவும் ரசிப்பது "ஐ ஆம் லேட்" என்பதன் வால். கணக்குப்படி "ஆம்ன்ட் ஐ?" வர வேண்டும். புத்தகம் "ஆரன்ட் ஐ?" என்கிறது. "நான் எப்ப சேர் பலபேர் ஆனேன்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. வேடிக்கை என்னவென்றால், ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் இன்றைக்கும் "ஆம்ன்ட் ஐ" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சொந்த ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து நம் மலைகளுக்குச் சூட்டினார்கள்: டன்கெல்ட், ஸ்ட்ராத்டன், ஹோலிரூட். அந்தத் துரைமார் பங்களாவுக்குள் பேசிய ஆங்கிலத்தில் இந்தக் கணக்கு ஒழுங்காகவே இருந்திருக்கும். பெயர்ப்பலகைகளை விட்டுவிட்டு, உருப்படியான அந்த ஒரு வாலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

துரைமார் என்றதும் அவர்கள் தமிழ் படித்த புத்தகம் நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபேர்குசன் அச்சிட்ட, சின்னத் துரைக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி அது. அதன் தலைப்பே "இங்கே வா!" தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவன் முதலில் வாயில் போட்டுக்கொள்ள வேண்டிய தமிழ் எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை. நான் அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு ஒரு வால் போட்டுப் பார்ப்பேன். ஆங்கிலத்தில் ஏவலுக்குப் போடும் வால் "வில் யூ?" "கம் இயர், வில் யூ?" என்றால் கட்டளை சற்றே கீழே இறங்கி, எதிரே நிற்பவர் ஏதாவது பதில் சொல்ல இடம் விடுகிறது. அதையே எரிச்சலோடு சொன்னால் இன்னும் மோசமாகும், அது வேறு. தமிழுக்குத் தனி வாலே தேவையில்லை. வினையின் உள்ளேயே தைத்துவிடலாம்: வாயேன், வாங்களேன். சட்டைப்பைப் புத்தகத்தின் அட்டைக்கு "வாயேன்" பொருந்தியிருக்காது. பிரட்டுக் களத்தில் பதிலை எதிர்பார்த்துப் பேசியவர்கள் குறைவு.

பதில் சொல்லப்போய் என் தாத்தா மாட்டிக்கொண்ட கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஐம்பதுகளில் நடந்தது. தாத்தா கவ்வாத்து வெட்டுகிறவர். மறுநாள் வேறு தோட்டத்தில் சொந்தத்தில் கல்யாணம். புதிதாக வந்த சின்னத் துரை, தமிழ் படித்துவிட்ட உற்சாகத்தில், கங்காணியைத் தாண்டி நேராகத் தாத்தாவிடமே கேட்டார்: "நாளைக்குக் கவ்வாத்துக்கு வரமாட்டாயா?" தாத்தா மரியாதையாக, "ஆமாங்க தொரை" என்றார். துரை திருப்தியோடு போனார். மறுநாள் காலை பிரட்டில் பேர் கூப்பிட்டால் ஆள் இல்லை. அதற்கடுத்த நாள் விசாரணை. "நீ ஆமாம் என்றாயே!" "ஆமான்னுதாங்க தொரை சொன்னேன், வரமாட்டேன்னு." கங்காணி நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினாராம்.

இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. தமிழ் "ஆமாம்" கேட்டவர் வாயிலிருந்து வந்ததை ஒப்புக்கொள்கிறது. வரமாட்டாய் என்று நினைக்கிறீர்களா, அது சரிதான் என்று அர்த்தம். ஆங்கில "யெஸ்" கேட்டவரைப் பார்ப்பதில்லை. தனக்குப் பின்னால் வரப்போகும் வினையைப் பார்க்கிறது. வருவதானால் "யெஸ்", வராததானால் "நோ", கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருந்தாலும் சரி. துரை தமிழ்ச் சொற்களைக் கற்றிருந்தாரே தவிர, காதுக்குள் ஆங்கிலக் கணக்கைத்தான் வைத்திருந்தார்.

ஆனால் தாத்தா வழக்கமாகப் பேசுகிற மாதிரிப் பேசியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். வீட்டில் யாராவது "வரமாட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் "வரமாட்டேன்" என்றிருப்பார். "கொழுந்து எடுத்தியா?" என்றால் "எடுத்தேன்", "சாப்பிட்டியா?" என்றால் "இல்ல, இன்னும் சாப்பிடல". தமிழின் குறும்பதில் வினையை முழுதாகத் திருப்பிச் சொல்வது. துரைக்கு முன்னால் அவ்வளவு சொல்லப் பயந்து, வினையை விழுங்கிவிட்டு "ஆமாங்க"வோடு நின்றதில்தான் வினை வந்தது. ஆங்கிலக் குறும்பதில் வினையைக் கழற்றிவிட்டு உதவி வினையை மட்டும் வைத்துக்கொள்கிறது: "நோ, ஐ வோன்ட்." "யெஸ், ஐ வில்." அதனால்தான் "டூ யூ லைக் டீ?" என்றால் நம் பிள்ளைகள் "யெஸ், ஐ லைக்" என்கிறார்கள். தமிழ்ப் பழக்கம் முழு வினையைக் கேட்கிறது. ஆங்கிலம் "யெஸ், ஐ டூ" போதும் என்கிறது. வழி வேறு, வேலை ஒன்று. ஆமாம், இல்லை என்ற சொல் சறுக்கினாலும் பின்னால் வருவது பிடித்துக்கொள்ளும்.

எதிர்மறைக் கேள்விக்கு வெறும் "யெஸ்" சொல்லாதே என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நாளைக்கு யாராவது வைத்தியசாலையில் வேலைக்குப் போய், "யூ ஆரன்ட் டேக்கிங் எனி அதர் மெடிசின், ஆர் யூ?" என்று நோயாளியிடம் கேட்டு, "யெஸ்" என்ற பதிலை எழுதிக்கொண்டால், அந்த யெஸ் தாத்தாவுடையதா துரையுடையதா என்று யாருக்கும் தெரியாது. "யெஸ், ஐ ஆம்" என்றோ "நோ, ஐ ஆம் நாட்" என்றோ வரும்வரை பேனாவை வைக்கக் கூடாது. கேட்பவர் புத்திசாலியானால் முதலிலேயே எதிர்மறையை விட்டுவிட்டு, "ஆர் யூ டேக்கிங்" என்று நேராகக் கேட்பார்.

அதனால் பஸ்ஸில் "இஸன்ட் இட்" போடுகிறவர்களைத் திருத்த நான் போவதில்லை. அங்கே அது "தானே"யின் வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. தான் சொன்ன வாக்கியத்தைத் தானே திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் வாலைப் பார்த்துப் போடச் சொல்கிறேன். விதிவிலக்காக, திரும்பிப் பார்க்கவே வேண்டாத வால் ஒன்றும் உண்டு. மேல் டிவிசனுக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் நானே அதைப் போடுவேன்: "லெட்ஸ் கோ, ஷால் வீ?" இதற்கான குறும்பதில் "யெஸ், லெட்ஸ்." அதில் உதவி வினை எதையும் தேட வேண்டியதில்லை. பின்வரிசை உட்பட வகுப்பு முழுவதும் பிழையில்லாமல் சொல்லும் பதில் அது ஒன்றுதான், அதையும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் சொல்லும்.