வளைவு, வட்டம், ஒரு பலகைத் துண்டு

நேற்று சம்மாந்துறையிலிருந்து என் மச்சான் போன் எடுத்தார். "தம்பி, வேனில கண்டிக்கு வாறோம். எனக்குச் சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாது. பலகை விளங்குமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை அம்பிட்டிய சொந்தங்களுக்கும் எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

நான் முதன்முதலில் உம்மாவை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது எனக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மஹியங்கனை வரை பிரச்சினையே இல்லை. ஊர்ப் பெயர்ப் பலகைகளில் மூன்று மொழியும் இருந்தன. ஹசலக்க தாண்டி பதினெட்டு வளைவு தொடங்கியபோதுதான் ஒன்று விளங்கியது. அங்கே ஓட்டுகிறவன் எழுத்தை வாசிப்பதே இல்லை. மூலையில் நிற்கும் மஞ்சள் சாய்சதுரம் தூரத்திலேயே "கவனம்" என்று சொல்லிவிடுகிறது. கிட்டப் போனால் கறுப்பு அம்புக்குறி எந்தப் பக்கம் மடிகிறது என்று காட்டுகிறது. கால் பிரேக்கில் போய்விடும்.

மச்சானுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். மஞ்சள் சாய்சதுரம் என்றால் முன்னால் ஏதோ ஆபத்து. சிவப்பு வளையம் என்றால் செய்யாதே. நீல வட்டத்தில் வெள்ளை அம்பு என்றால் அப்படியே செய். இரண்டு பலகைக்கு மட்டும் தனி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மூலை என்றால் வாகனம் முழுசாக நிற்க வேண்டும். தலைகீழ் முக்கோணம் என்றால் மற்றவருக்கு வழி விட வேண்டும். சேறு அடித்து எழுத்து மறைந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும் இந்த இரண்டும் அடையாளம் தெரியும். எதிரே வருகிறவனுக்கு எட்டு மூலைப் பலகை இருக்கிறதா என்று அதன் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இது நம் நாட்டு ஏற்பாடு மட்டுமல்ல. எல்லை தாண்டிப் போகிறவனுக்கும் பலகை விளங்க வேண்டும் என்றுதான் 1968இல் வியன்னாவில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதிலேயே எச்சரிக்கைக்கு இரண்டு வடிவங்களை அனுமதித்தார்கள். ஒன்று மஞ்சள் சாய்சதுரம். மற்றது சிவப்புக் கரையிட்ட முக்கோணம். தமிழ்நாட்டுக்குப் போனால் நீங்கள் காண்பது அந்த முக்கோணத்தைத்தான்.

ஆனால் வடிவத்தை நம்பியே நான் ஒருநாள் மாட்டிக்கொண்டேன்.

அம்பிட்டியவுக்கு வந்து சில மாதம். மழை நாள், மஃரிப் நேரம். தலாத்துஓயா பக்கம் ஒரு குறுக்குப் பாதையால் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பீப்பாயில் பலகைத் துண்டொன்று கட்டியிருந்தது. அதில் சிங்களத்தில் கையால் எழுதிய இரண்டு வரி. நீள்சதுரம் என்றால் தகவல் பலகை என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. சிரமதான அறிவித்தலாக இருக்கும் என்று நினைத்து, பக்கத்தால் வளைத்துக்கொண்டு போய்விட்டேன். நூறு மீற்றர் போயிருக்க மாட்டேன், ஒரு பெரியவர் டோர்ச் லைட்டை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நானா, யன்ன எப்பா! யன்ன எப்பா!" போகாதே என்கிறார். இறங்கிப் பார்த்தேன். பாதையின் பள்ளப் பக்கம் பாதி இல்லை. மண் அப்படியே கீழே போயிருந்தது. பின்சீட்டில் உம்மா இருந்தா.

அந்தப் பலகையில் இருந்தது "பார வஸா எத", பாதை மூடப்பட்டுள்ளது. அதற்குக் கீழே "அவதானம்". ஆபத்து என்பதற்குச் சிங்களத்தில் சொல்வது. காதில் கேட்டிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். நாமும் "அவதானம்" என்றால் கவனம் என்றுதானே எடுப்போம். எழுத்தாக இருந்ததால் கண்ணுக்கு அது வெறும் கோடாகப் போய்விட்டது.

எனக்கு அன்று தவறியது எழுத்து மட்டுமில்லை. பலகை எங்கே நிற்கிறது என்று நான் பார்க்கவில்லை. தகவல் பலகை பாதையோரத்தில் நிற்கும். இது பாதைக்குள்ளேயே நின்றது. பத்து நிமிடமாக எதிர்ப்பக்கமிருந்து ஒரு த்ரீவீல்கூட வரவில்லை. அதையும் நான் யோசிக்கவில்லை. இப்போது எனக்கு ஒரே சட்டம். பீப்பாயோ, மரக்கிளையோ, சிவப்புத் துணி கட்டிய தடியோ, ஓட்டும் இடத்துக்குள் ஏதாவது வைத்திருந்தால் நிற்பேன். இறங்கி ஆளிடம் கேட்பேன். எந்த மொழியில் எழுதியிருந்தாலும் சரி.

இனி வேண்டுகோள். மழை தொடங்கினால் நம் பாதைகளை முதலில் மூடுவது அதிகாரிகள் இல்லை, நாம்தான். கிளை வெட்டிப் போடுவதும் பலகை எழுதுவதும் நம் பிள்ளைகள்தான். எழுதும் முன்பு, மேலே ஒரு சிவப்பு வட்டம் போட்டு நடுவில் வெள்ளைப் பட்டை ஒன்று இழுத்துவிடுங்கள். உள்ளே போகத் தடை என்பதற்கான குறி அது. லைசன் எடுத்த எல்லோருக்கும் தெரியும். கீழே சிங்களமும் தமிழும் எழுதுங்கள். பலகையை ஓரத்தில் சாத்தாமல் பாதைக்கு நடுவில் வையுங்கள். இடிந்த இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வாகனம் திருப்பக்கூடிய சந்தியிலேயே வையுங்கள்.

எல்லா இரவும் டோர்ச்சோடு ஒரு பெரியவர் நிற்க மாட்டார்.